நடுவில் குழி விழுந்த கேக்கும் ரப்பராய் இழுத்த மஃபினும்: ஒரு பேக்கரி வைவா மேசை

பேக்கரி ப்ராக்டிகல் தேர்வின் மதிய வேளை. மேசைமேல் மூன்று தட்டுகள். முதலாவதில் நடுவில் குழி விழுந்த ஒரு பட்டர் கேக். இரண்டாவதில் உச்சி கூராக எழும்பிய ஒன்பது மஃபின்கள். மூன்றாவதில் இன்னொரு பட்டர் கேக். ஓவனிலிருந்து எடுத்தபோது அழகாக இருந்தது, இருபது நிமிடம் ஆறியதும் இடுப்பு சுருங்கிப் போய்விட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கையில் ரம்பப் பல் கத்தி, பக்கத்தில் மாணவர்களின் ஜர்னல், பொருட்களை எடையோடு எழுதிக் கேட்டு வாங்கும் இண்டெண்ட் தாள்.

இந்த மூன்றுக்கும் மாணவர்கள் தயாராக வைத்திருந்த பதில்கள் வரிசையாக இவை: "நடுவுல கதவைத் திறந்துட்டேன் சார்", "கொஞ்சம் நேரம் அதிகமா வெந்துடுச்சு சார்", "பேக்கிங் பவுடர் அதிகமாயிருக்கும் சார்". மூன்றுமே பாடப்புத்தகத்தில் உள்ள காரணங்கள்தான். ஆனால் இந்த மூன்று தட்டுகளுக்கும் மூன்றுமே தவறு. கேக் இறங்குவதற்கு அரை டஜன் காரணங்கள் இருக்கும்போது அதில் ஒன்றைச் சொல்லிவிடுவது பதில் ஆகாது. இந்தக் கேக் எதனால் இறங்கியது என்பதுதான் கேள்வி. அந்தப் பதில் வெட்டிய துண்டில் இருக்கிறது.

முதல் தட்டு: குழி விழுந்த பட்டர் கேக்

செய்முறை எளிமையானது. மைதா 200 கிராம், வெண்ணெய் 200, பொடித்த சர்க்கரை 200, ஓடு நீக்கிய முட்டை 200 (நம்மூர் முட்டையில் நான்கு), பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், அதாவது ஏறத்தாழ 4 கிராம். பதினெட்டு சென்டிமீட்டர் வட்ட டின்னில், 170 டிகிரி செல்சியஸில் சுமார் 50 நிமிடம். மாணவி முப்பதாவது நிமிடத்தில் ஓவன் கதவைத் திறந்து பார்த்ததாக ஜர்னலிலேயே எழுதியிருந்தார்.

எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி கதவைப் பற்றியது அல்ல.

"எப்ப இறங்குச்சும்மா? உள்ள இருக்கும்போதா, வெளிய எடுத்த பிறகா?"

"உள்ளேயே சார். கதவைத் திறந்து பார்க்கும்போதே நடுவுல லேசா தட்டையா இருந்தது."

இந்த ஒரு பதிலிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. கதவைத் திறந்த கணத்தில் ஏற்கெனவே தட்டையாக இருந்ததென்றால், திறந்ததால் அது இறங்கவில்லை. அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. கேக் ஓவனுக்குள்ளேயே இறங்கினால் பெரும்பாலும் பொருட்களின் விகிதத்தில் கோளாறு: பேக்கிங் பவுடரோ சர்க்கரையோ கூடிப்போயிருக்கும். ஓவனிலிருந்து எடுக்கும்வரை நன்றாக இருந்து வெளியே வந்ததும் நடு விழுந்தால், உள்ளே வேகாமல் எடுத்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பக்கங்கள் உள்வாங்கினால் அது வேறு கதை. மூன்றாவது தட்டில் வரும்.

அடுத்து கேக்கை நடுவாக வெட்டி, வெட்டுமுகம் தெரியும்படி நிறுத்தி வைத்தார்கள். இரண்டு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்து ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி தெரிந்தது. பேக்கரிக்காரர்கள் இதை 'எம் ஃபால்ட்' என்றே சொல்வார்கள். பெயரைச் சொன்னதும் வைவா முடிந்துவிட்டது என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அந்தப் பெயர் வடிவத்தைத்தான் சொல்கிறது. பேக்கிங் பவுடர் மிகுந்தாலும் இதே வடிவம் வரும், சர்க்கரை மிகுந்தாலும் வரும், வேகாமல் எடுத்தாலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். மூன்றையும் பிரித்துக் காட்டுவது வேறு அடையாளங்கள்.

வேகாத கேக்கின் அடையாளம், குழிக்கு நேர் கீழே நடுவில் ஈரமாக, மாவு ஒட்டிப் பிடித்த மாதிரி ஒரு அடர்ந்த பட்டை. விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கும். பாதி வெந்த நிலையில் டின்னைத் தட்டியிருந்தாலும், கதவைத் திறந்து நடு உள்வாங்கியிருந்தாலும் இந்தப் பட்டை இருக்கும். அந்த இடத்தில் மாவு இன்னும் இறுகவில்லை, குமிழிகள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். இந்தக் கேக்கில் அது இல்லை. நடுப்பகுதியும் ஓரம் அளவுக்கே வெந்து உலர்ந்திருந்தது. ஆகவே மாணவி சொன்ன கதவுக் காரணம் இங்கேயே விழுந்துவிட்டது.

சர்க்கரை மிகுந்திருந்தால் மேல்தோல் காட்டிக்கொடுக்கும். பளபளப்பாக, தொட்டால் ஒட்டும்படியாக, ஆங்காங்கே வெளிறிய புள்ளிகளோடு இருக்கும். சர்க்கரை ஏன் கேக்கை இறக்குகிறது என்பது வைவாவில் நிச்சயம் வரக்கூடிய கேள்வி. சர்க்கரை கூடக்கூட, மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்து இறுகும் வெப்பநிலையும் முட்டைப் புரதம் உறையும் வெப்பநிலையும் மேலே போகின்றன. வாயு விரிந்து கேக்கைத் தூக்கிய பிறகும் சுவர்கள் இறுகாமல் இளகியே நிற்கும். தாங்க ஆளில்லாமல் நடு உட்காரும். மேசையிலிருந்த கேக்கின் மேல்தோலில் புள்ளியும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. சர்க்கரையையும் விட்டுவிடலாம்.

மீதியிருப்பது பேக்கிங் பவுடர். அதற்கான சாட்சிகள் நேராகவே இருந்தன. துளைகள் பெரிதாக, ஒழுங்கில்லாமல், முரட்டு ஸ்பாஞ்சு மாதிரி திறந்து கிடந்தன. துண்டை இரு விரலால் பிடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. டின்னின் விளிம்பைத் தாண்டி மாவு வழிந்து, அங்கேயே காய்ந்து ஒரு உதடு மாதிரி ஒட்டியிருந்தது. இந்த உதடுதான் பெரிய சாட்சி. கேக் ஒரு கட்டத்தில் விளிம்பைத் தாண்டி உயர்ந்திருக்கிறது, பிறகு இறங்கியிருக்கிறது என்பதை அது எழுதி வைத்துவிட்டது. கடைசியாக, ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்தால் பின்னாலேயே லேசான உப்புக் கசப்பு. பேக்கிங் பவுடர் வாயுவை விட்டபின் மிஞ்சும் உப்புகளின் சுவை அது. சரியான அளவில் நாக்குக்குத் தெரியாது.

"பேக்கிங் பவுடர் எவ்வளவு போட்டே?"

"ஒரு ஸ்பூன் சார்."

"எந்த ஸ்பூன்?"

ஜர்னலைத் திறந்து பார்த்தால் "பே.ப. 1 ஸ்பூன்" என்று மட்டும் எழுதியிருந்தது. லேபில் கையில் கிடைத்த பெரிய ஸ்பூனால், கூம்பாக, ஒரு ஸ்பூன். மட்டமாகத் தட்டிய ஒரு டேபிள்ஸ்பூன் என்பதே மூன்று டீஸ்பூன். கூம்பாக அள்ளினால் 16 கிராமுக்குக் குறையாது. 200 கிராம் மைதாவுக்கு 4 கிராம் என்றால் மாவு எடையில் 2 சதவீதம். 16 கிராம் என்றால் 8 சதவீதம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் செய்யும் கேக்கில் காற்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பேக்கிங் பவுடர் அதற்குக் கைகொடுத்தால் போதும். நான்கு மடங்கு போட்டால் குமிழிகள் ஊதி ஊதிச் சுவர் மெலிந்து, ஸ்டார்ச்சும் முட்டையும் இறுகுமுன்பே வெடித்துவிடும். ஓரம் டின்னின் சூட்டில் முதலில் இறுகிவிடுவதால் அப்படியே நிற்கிறது. கடைசியாக வேகும் நடுதான் விழுகிறது. குழி ஏன் எப்போதும் நடுவில் விழுகிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

ஒரு கலவையில் மூன்று டின்

காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எப்படி நிரூபிப்பாய் என்றும் எக்ஸாமினர்கள் கேட்பார்கள். அதற்கு முழுக் கேக்கை மறுபடி செய்யத் தேவையில்லை. வெண்ணெய், சர்க்கரை, முட்டை மூன்றையும் தலா 150 கிராம் எடுத்து, மைதா சேர்க்காமல் அடித்து முடித்தால் 450 கிராம் கலவை கிடைக்கும். பாத்திரத்தில் ஒட்டுவதைக் கணக்கில் வைத்துத் தலா 160 எடுத்துக்கொள்வது நல்லது. அதை மூன்று கிண்ணங்களில் 150 கிராம் வீதம் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 50 கிராம் மைதா. முதல் கிண்ணத்து மைதாவில் 1 கிராம் பேக்கிங் பவுடர், இரண்டாவதில் 4 கிராம், மூன்றாவதில் மறுபடி 1 கிராம். பவுடரை மைதாவோடு சேர்த்து இரண்டு முறை சலித்த பிறகே கலக்க வேண்டும். கலவையில் தனியாகத் தூவினால் கூடுதலாகக் கிண்ட வேண்டிவரும், பரிசோதனை கெட்டுவிடும்.

மூன்றும் பத்து சென்டிமீட்டர் டின்களில், 170 டிகிரியில், அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. மூன்றாவது டின்னைத் தனியாக வேகவைத்து, பதினைந்தாவது நிமிடம் கதவை ஒரு நிமிடம் அகலத் திறந்து வைக்க வேண்டும். ஒரே ஓவனில் மூன்றையும் வைத்துக் கதவைத் திறந்தால் மூன்றுக்கும் குளிர் பட்டுவிடும் என்பதைச் செய்முறை எழுதும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். காத்திருக்கும் கிண்ணத்தில் மைதாவைச் சேர்க்காமல் வைத்திருந்து, ஓவனில் வைக்குமுன் கலப்பதும் பரிசோதனை கெடாமல் இருக்கத்தான்: ஈரம் பட்ட நொடியிலிருந்து பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

இரண்டாவது டின் எம் வடிவில் விழும், துளை பெரிதாக இருக்கும். மூன்றாவது சற்றே தாழலாம், தாழாமலும் போகலாம். தாழ்ந்தால் வெட்டுமுகத்தில் நடுவில் அந்த அடர்ந்த பட்டை இருக்கும். ஓவன் கதவுக்கு வீட்டிலும் லேபிலும் கிடைக்கும் பழியில் பாதிக்குமேல் அதற்கு உரியதல்ல. கேக்கின் நடு இறுகிய பிறகு கதவைத் திறந்தால் ஒன்றும் ஆகாது. கடைசிப் பத்து நிமிடத்தில் திறந்து குச்சி குத்திப் பார்க்காமல் யாரும் கேக் எடுப்பதில்லையே. குச்சியைவிட நம்பகமானது சமையல் வெப்பமானி: நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்டினால் பட்டர் கேக் வெந்துவிட்டது.

இரண்டாவது தட்டு: இழுத்தால் வராத மஃபின்

மைதா 200 கிராம், சர்க்கரை 90, பேக்கிங் பவுடர் 10, உப்பு ஒரு சிட்டிகை, பால் 160 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் 60 கிராம். 200 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். எடைகள் அத்தனையும் சரியாக இருந்தன. மாணவர் தராசில் நிறுத்தே போட்டிருந்தார், பேக்கிங் பவுடரையும் சேர்த்து. இங்கே 5 சதவீதம் பவுடர் இருப்பதைப் பார்த்து, முதல் தட்டில் 2 சதவீதம்தானே சரி என்று குழம்பக் கூடாது. மஃபினில் வெண்ணெய்–சர்க்கரை அடிப்பு கிடையாது. காற்று உள்ளே போவதில்லை. தூக்கும் வேலை முழுவதும் பவுடருடையது, அது தூக்க வேண்டிய கலவையும் கனமானது.

"ரொம்ப நேரம் வெந்துடுச்சு சார், அதான் கெட்டியா இருக்கு" என்றார் மாணவர்.

எக்ஸாமினர் கத்தியை எடுக்கவில்லை. ஒரு மஃபினைக் கையில் எடுத்து இரண்டாகப் பிய்த்தார். அது பிய்ய மறுத்து, பரோட்டா மாதிரி கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்து பிறகு கிழிந்தது. அதிகம் வெந்த மஃபின் இப்படி இழுக்காது. சுற்றிலும் தடித்த பழுப்புத் தோல் இருக்கும், உள்ளே உலர்ந்து உதிரும், தொண்டையில் அடைக்கும். 'கெட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு குறைகள் ஒளிந்திருப்பதுதான் இங்கே சிக்கல். உலர்ந்தது ஒன்று, இழுப்பது இன்னொன்று. நேரமும் வெப்பமும் முதல் குறையைத் தரும். இரண்டாவதைத் தருவது குளூட்டன்.

பிறகு இன்னொரு மஃபினை உச்சியிலிருந்து நேர்கீழாக வெட்டினார்கள். அடியிலிருந்து கூரான உச்சியை நோக்கி, நீளமான, உட்பக்கம் வழவழப்பான குகைகள் மூன்று ஓடின. மேல்தோல் மேடுபள்ளம் இல்லாமல் மழமழவென்று இருந்தது. நல்ல மஃபினின் தலை உருண்டையாக, காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும். குகை, கூர் உச்சி, வழவழத்த தோல் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மாவு அதிகம் கிண்டப்பட்டிருக்கிறது. வேறு காரணம் தேடிப் போக வேண்டாம்.

மைதாவில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டுக் கிண்டும்போது இவை பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகிறது. லேபில் இதைக் கண்ணால் பார்க்க ஐந்து பைசா செலவில்லை. 50 கிராம் மைதாவை 30 மில்லி தண்ணீரில் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கழுவினால் பால் மாதிரி ஸ்டார்ச் எல்லாம் போய் 12 முதல் 15 கிராம் எடையில் ஒரு ரப்பர் உருண்டை மிஞ்சும். மஃபினுக்குள் இருந்தது அதுதான். கிண்டக் கிண்ட வலை இறுகும். வாயு சிறு சிறு குமிழியாகப் பரவ முடியாமல் ஒன்றுசேர்ந்து, பலவீனமான பாதையைக் கண்டுபிடித்து மேலே ஓடும். ஓடிய பாதை குகையாகவும் முட்டிக்கொண்டு வெளியேறிய இடம் உச்சியாகவும் நின்றுவிடுகிறது. பரோட்டாவுக்கு மைதாவை அடித்து இழுத்து வீசுவது இந்த வலைக்காகத்தான். அதே பாக்கெட் மைதாவில்தான் மஃபினும் செய்கிறோம் என்பதை நினைவில் வைத்தால் கிண்டும் கை தானாகவே நிற்கும்.

"எதால கலந்தே? எவ்வளவு நேரம்?"

"பீட்டர்ல சார். கட்டி இல்லாம வர்ற வரைக்கும், ரெண்டு நிமிஷம் இருக்கும்."

அங்கேதான் தவறு. கட்டி இருக்க வேண்டும். உலர்ந்தவற்றை ஒரு பாத்திரத்தில் சலித்து நடுவில் குழி செய்து, பால்–முட்டை–எண்ணெய்க் கலவையை ஒரே தடவையில் ஊற்றி, தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகத் திருப்ப வேண்டும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து திருப்பு. உலர்ந்த மைதா கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் நிறுத்திவிட வேண்டும். பட்டாணி அளவுக் கட்டிகள் ஓவனிலேயே கரைந்துவிடும். எலுமிச்சை அளவில் வெள்ளைப் பொட்டலமாக நின்றால்தான் இன்னும் இரண்டு திருப்பு. கப்பில் ஊற்றும்போதும் கவனம் தேவை. ஒரு கப்புக்கு ஒரு கரண்டி என்று பாத்திரத்தின் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். துளித்துளியாக நிரவி நிரப்பினால், கடைசி மூன்று கப்புகளுக்குள் போகும் மாவு முதல் கப்பைவிட இருமடங்கு கலக்கப்பட்டிருக்கும். ஒரே தட்டில் சில மஃபின் மெத்தென்றும் சில இழுவையாகவும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதை நிரூபிப்பது பட்டர் கேக்கைவிட எளிது. மேலே சொன்ன அளவு ஒன்பது கப்புகளுக்கு வரும். பதினைந்து திருப்பில் நிறுத்தி மூன்று கப் நிரப்பு. மீதியை இன்னும் இருபது முறை கிண்டி அடுத்த மூன்று. மிச்சத்தை இன்னும் அறுபது முறை கிண்டிக் கடைசி மூன்று. கப்புகளில் எண் எழுதிய பேப்பரை ஒட்டி ஒன்றாக ஓவனில் வைத்து, வெந்ததும் மூன்றையும் உச்சியிலிருந்து வெட்டி வரிசையாக நிறுத்தினால் குகை எப்படிப் பிறந்து நீள்கிறது என்று படிப்படியாகத் தெரியும்.

இந்த இடத்தில் எக்ஸாமினர் கேட்ட கேள்விதான் அன்றைக்கு மேசையில் வந்ததிலேயே நல்ல கேள்வி. "பக்கத்துல இருக்கிற பட்டர் கேக்கை அவங்க பீட்டர்லதான் அடிச்சாங்க. அது ஏன் ரப்பர் ஆகல?"

விடை செய்முறைத் தாளிலேயே இருக்கிறது. பட்டர் கேக்கில் பீட்டர் ஓடியது மைதா சேர்வதற்கு முன்பு, வெண்ணெய்–சர்க்கரை–முட்டையில். மைதா கடைசியில் கையால் மடித்துச் சேர்க்கப்பட்டது. அதற்கும் மேலே, அங்கே மாவு எடைக்குச் சமமான வெண்ணெயும் சர்க்கரையும் இருக்கின்றன. வெண்ணெய் மாவுத்துகளைப் பூசிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. சர்க்கரை இருக்கிற தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மஃபினில் எண்ணெய் 30 சதவீதம், சர்க்கரை 45 சதவீதம், ஆனால் பால் மட்டும் 80 சதவீதம். குளூட்டனுக்கு வேண்டிய தண்ணீர் தாராளமாக இருக்கிறது, தடுக்க ஆள் குறைவு. இதனால்தான் "ஹெல்தியா இருக்கட்டும்" என்று எண்ணெயையும் சர்க்கரையையும் பாதியாக்கிச் செய்யும் மஃபின், பதினைந்து திருப்பில் நிறுத்தினாலும் கொஞ்சம் இழுவையாகவே வரும். அதில் குகை இருக்காது அல்லது சிறிதாக இருக்கும். பிரித்தறிய அதுவே வழி.

மைதாவை மாற்றலாமா என்றால், மாற்றலாம். 200 கிராமில் 20 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளோர் போட்டால் புரதம் குறைந்து மஃபின் மிருதுவாகும். ஆனால் 20 நல்லதென்றால் 60 இன்னும் நல்லது என்று போனால், தாங்கும் வலையே இல்லாமல் மஃபின் உதிரும், நடுவும் உட்காரும். அளவுக்கு மீறிக் கிண்டியதைக் கார்ன்ஃப்ளோர் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

மூன்றாவது தட்டு: இடுப்பு சுருங்கிய கேக்

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். எடுத்தபோது மேல்பாகம் சமமாக இருந்து, ஆறும்போது இரண்டு பக்கமும் உள்வாங்கி, வெட்டினால் 'எக்ஸ்' எழுத்து மாதிரி இடுப்பு ஒடுங்கித் தெரிந்தது. பேக்கிங் பவுடர் மிகுந்திருந்தால் நடு இறங்கியிருக்கும், பக்கம் இறங்காது. வெட்டுமுகத்தின் அடியில், டின்னின் அடித்தட்டை ஒட்டி, விரல் அகலத்துக்குப் பளபளவென்று அல்வா மாதிரி ஓர் அடுக்கு. நீர் மிகுந்த கேக்கின் கையெழுத்து அது. வேகாத கேக்கில் பட்டை நடுவில் இருக்கும், நீர் மிகுந்ததில் அடியில் இருக்கும். வைவாவில் இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னாலே பாடம் தெரிந்தவர் என்பது விளங்கிவிடும். ஓவனில் இருக்கும்வரை நீராவியே கேக்கை உள்ளிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்துகிறது. ஆறினதும் ஆவி மறுபடி தண்ணீராகிச் சுருங்குகிறது. ஈரத்தில் ஊறிய சுவர்கள் பாரம் தாங்காமல் உள்ளே மடிகின்றன.

ஆனால் இந்தச் செய்முறையில் பாலே கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேட்டுக் கேட்டுப் பின்னோக்கிப் போனால் ஃப்ரிட்ஜில் போய் நின்றது. முட்டையை எடுத்த கையோடு, குளிராகவே, அடித்த வெண்ணெயில் ஒரே தடவையில் ஊற்றியிருக்கிறார் இந்தக் கேக்கைச் செய்த மாணவர். வெண்ணெய் உறைந்து கலவை திரிந்துபோனது. அதன்மேல் மைதாவைப் போட்டதும் கெட்டியாகத் தெரிந்தது. "இறுகலா இருக்கே என்று கொஞ்சம் பால் ஊற்றினேன்." அந்தக் 'கொஞ்சம்' ஒரு டீ டம்ளரில் பாதிக்குமேல், இண்டெண்ட் தாளில் இல்லாத பால். கலவை கெட்டியானதற்கு நீர் குறைவு காரணமில்லை, குளிர்தான் காரணம். அது ஓவனில் போனதும் இளகிவிட்டது, ஊற்றிய பால் மட்டும் மிஞ்சியது. திரிந்த கலவையைக் காப்பாற்ற வழி உண்டு. பாத்திரத்தின் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் காட்டி மறுபடி அடிக்கலாம், அல்லது எடுத்துவைத்த மைதாவிலிருந்தே ஒரு கரண்டி முதலில் சேர்த்துச் சமன் செய்யலாம். இரண்டிலும் செய்முறையின் மொத்த எடை மாறுவதில்லை.

'அறை வெப்பநிலை' என்று புத்தகம் சொல்வதும் இங்கே ஒரு பொறி. வெண்ணெய் நன்றாக நுரைப்பது 18 முதல் 21 டிகிரிக்குள். சென்னையிலோ மதுரையிலோ மே மாத லேபில் அறை 33 டிகிரி இருக்கும்போது வெண்ணெயை வெளியே வைத்தால் எண்ணெயாகிவிடும், காற்றைப் பிடிக்காது. முட்டையை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்வது சரி. வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த நேரத்தில் அடிக்கத் தொடங்குவதுதான் நம்மூர் அளவுகோல்.

ஜர்னலில் எழுதும் விதம்

குறைகளை எழுதும் பக்கத்தில் பெரும்பாலும் "கேக் இறங்கியது – பேக்கிங் பவுடர் அதிகம்" என்ற அளவில் ஒரு வரிதான் இருக்கிறது. முதல் தட்டின் மாணவி திருத்தி எழுதியது இப்படி இருந்தது: "30ஆம் நிமிடத்துக்கு முன்பே நடு தட்டையானது. விளிம்பில் வழிந்த உதடு. துளை பெரிது, உதிர்கிறது. நாக்கில் உப்புக் கசப்பு. ஈரப் பட்டை இல்லை, ஆகவே வேகாமல் எடுத்ததல்ல. மேல்தோலில் புள்ளி இல்லை, ஆகவே சர்க்கரை மிகுதியல்ல. பே.ப. 4 கிராமுக்குப் பதில் சுமார் 16 கிராம். அடுத்த முறை தராசில் 4 கிராம்." இதில் இருக்கிற இரண்டு 'ஆகவே'க்களுக்குத்தான் மதிப்பு. இல்லாத அடையாளத்தைக் குறித்து வைப்பதும் சாட்சிதான்.

எழுந்து போகுமுன் எக்ஸாமினரிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"இப்ப 4 கிராம் சரியா நிறுத்துட்டே. இதே செய்முறையை, இதே ஓவனை ஊட்டிக்கு எடுத்துட்டுப் போய்ச் செய்யறே. கேக் எப்படி வரும்?"

மாணவி கொஞ்சம் யோசித்து, "அங்க குளிர் சார், வேக நேரமாகும்" என்றார். குளிர் ஓவனுக்கு வெளியேதான் இருக்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. அதே 4 கிராம் பவுடர் விடும் அதே வாயு, அழுத்தம் குறைந்த இடத்தில் இன்னும் அதிகமாக விரியும். தண்ணீரோ 92, 93 டிகிரியிலேயே கொதித்துச் சீக்கிரம் ஆவியாகும். நீர் குறையக் குறைய மிச்சமிருக்கும் சர்க்கரைக் கரைசல் அடர்ந்து, ஸ்டார்ச் இறுகுவதை இன்னும் தள்ளிப்போடும். இங்கே சரியான 4 கிராம் அங்கே கூடுதலாகிவிடும், நடு விழும். கால் பங்கு குறைத்து 3 கிராமில் தொடங்கி, சர்க்கரையில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு, ஒரு கரண்டி பால் சேர்த்து, ஓவனைப் பத்து டிகிரி ஏற்றிப் பார்க்க வேண்டும். முதல் தடவையே சரியாக வரும் என்று சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்துத்தான் அடுத்த கிராமை முடிவு செய்ய வேண்டும். எம்மா எக்ஸா என்று வெட்டுமுகமே சொல்லிவிடும்.